இரவு ஊறிய மோர்ச்சோறு: நொதித்தலின் இயல்பும் புரோபயாட்டிக் கூற்றுகளின் எல்லையும்

ஆய்வுச் சுருக்கம்

தயிரிலோ மோரிலோ இரவு முழுவதும் ஊறிய சோறு, அண்மைக் காலத் தமிழ் எழுத்துகளில் ‘இயற்கை புரோபயாட்டிக்’ என்று குறிக்கப்படுகிறது. நீரில் ஊறிய பழைய சோற்றைப் பற்றிய கூற்றுகளும் தயிரைப் பற்றிய கூற்றுகளும் இச்சோற்றின்மீது ஒருசேர ஏற்றப்படுகின்றன. சேலம், நாமக்கல் சமவெளியில் வழங்கும் மூன்று ஊறல் முறைகளைப் பிரித்து நோக்கி, ஒவ்வொன்றிலும் இரவில் நிகழ்வது என்ன என்பதை இக்கட்டுரை கணக்கிட்டுக் காட்டுகிறது. அதன் வழியே, எக்கூற்று நிலைக்கும், எக்கூற்று நிலைக்காது என்பதை மதிப்பிடுகிறது.

முக்கியச் சொற்கள்: பழைய சோறு, நீராகாரம், மோர்ச்சோறு, உறை, நொதித்தல், லாக்டிக் அமில நுண்ணுயிர்கள், புரோபயாட்டிக்.

முன்னுரை

பெரும்பாணாற்றுப்படை பழஞ்சோற்றைக் குறிப்பிடுகிறது. பழைய சோறு தமிழரின் தொன்மையான உணவு என்பதற்கு அக்குறிப்பு பல கட்டுரைகளில் சான்றாக எடுத்தாளப்படுகிறது. ஆனால் அவ்விடத்தில் உழவரின் சிறுவர்கள் பழஞ்சோற்றுத் திரளையை வெறுத்து, புதிய நெல்லில் இடித்த அவலை நாடுகின்றனர் என்னும் செய்தி பெரும்பாலும் விடுபட்டுவிடுகிறது. ஓர் உணவு வழக்கில் இருந்தது என்பதற்கு இலக்கியம் சான்றாகும். அவ்வுணவு உடலுக்கு என்ன செய்தது என்பதற்கு அது சான்றாகாது. இவ்விரண்டையும் ஒன்றாகக் கொள்ளும் போக்கு பண்பாட்டு ஆய்வுகளில் வேரூன்றியுள்ளது. பின்னாளில் அதனுடன் அறிவியல் எண்களும் சேர்ந்துகொண்டன.

இவ்வெண்கள் ஆய்வேடுகளிலும் கல்லூரிக் கருத்தரங்கக் கட்டுரைகளிலும் மேற்கோளாக நுழையும்போது, அவற்றைச் சரிபார்க்கும் பொறுப்பும் ஆய்வுலகத்தைச் சார்கிறது. பதினைந்து முதல் நாற்பத்தொன்பது வயது வரையிலான தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினர் இரத்தச்சோகை உடையவர்கள் என ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு (2019-21) தெரிவிக்கிறது. இந்நிலையில் ஒரு சட்டிச் சோற்றில் எவ்வளவு இரும்பு இருக்கிறது என்பது வெறும் பண்பாட்டுப் பெருமிதம் சார்ந்த வினாவன்று.

சமவெளியின் சோறும் மூவகை ஊறலும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களின் பெரும்பகுதி மானாவாரி நிலம். கம்பு, சோளம், ராகி ஆகியவையே அங்கு நெடுங்காலம் அன்றாட உணவாக இருந்தன. மேட்டூர் அணையின் கால்வாய்கள் பாயும் பகுதிகளிலும், மோகனூர், பரமத்தி வேலூர் போன்ற காவிரிக் கரைப் பகுதிகளிலும் நெல் விளைந்தது. ஆகவே களியும் கூழும் புளித்த அதே சட்டிகளில்தான் பிற்காலத்தில் நெல்லஞ்சோறும் பரவலாக ஊறத் தொடங்கியது. இங்குச் சமைப்பது பெரும்பாலும் புழுங்கல் அரிசி. நெல்லை அவித்து உலர்த்திய பின் அரைப்பதால், அரிசியில் இயல்பாக உள்ள நொதிகளில் பெரும்பகுதி முதல் அவியலிலேயே செயலிழக்கிறது. எஞ்சியவை சோறு வேகும்போது செயலிழக்கின்றன. பின்னர் வரும் கணக்கிற்கு இச்செய்தி இன்றியமையாதது.

சோற்றை இரவில் ஊறவைக்கும் வழக்கத்தில் மூன்று முறைகளைப் பிரித்தறியலாம். முதலாவது, மீந்த சோற்றில் நீர் ஊற்றி வைத்து, காலையில் பிழிந்து உப்பும் மோரும் சேர்த்து உண்பது. வடித்த நீர் நீராகாரமாகப் பருகப்படும். இரண்டாவது, இரவிலேயே மோரையோ தயிரையோ ஊற்றி வைப்பது. மூன்றாவது, ஆறிய சோற்றைக் காய்ச்சி ஆற்றிய பாலில் பிசைந்து ஒரு கரண்டி உறை சேர்ப்பது. வழிப்பயணத்திற்குக் கட்டுச்சோறு கட்டுவோர் கையாண்ட முறை இது. உண்ணும் வேளைக்குள் பால் தயிராகிவிடும். சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் சேர்த்து மண்சட்டியில் மூடி வைக்கும்படி இன்று பரவிவரும் ‘புரோபயாட்டிக் சோறு’ செய்முறை இம்மூன்றாம் முறையின் மறுவடிவமே.

இம்மூன்றும் காலையில் ஏறத்தாழ ஒரே சுவையுடன் இலைக்கு வரலாம். ஆயினும் நுண்ணுயிரியல் நோக்கில் இவை மூன்று வேறுபட்ட உணவுகள். ஒன்றைப் பற்றிய ஆய்வு முடிவை மற்றொன்றுக்குப் பொருத்துவதே இத்துறையில் மிகுதியாகக் காணப்படும் பிழை.

முதல் சட்டி: நீரில் ஊறிய சோறு

வெந்த சோற்றில் நுண்ணுயிர்களின் வளரும் வடிவங்கள் ஏறக்குறைய முற்றிலும் அழிந்துவிடுகின்றன. வெப்பத்தைத் தாங்கும் விதைமூலங்கள் மட்டும் எஞ்சுகின்றன. நீர் ஊற்றியபின் நொதித்தலைத் தொடங்கும் லாக்டிக் அமில நுண்ணுயிர்கள் சட்டியின் சுவர், கை, கரண்டி, நீர், காற்று ஆகியவற்றிலிருந்து வந்து சேர்கின்றன. உறை இடப்படாததால் இது தன்னியல்பான நொதித்தல்.

எடுத்துக்காட்டாக, தொடக்கத்தில் ஒரு கிராம் சோற்றுக்கு 100 நுண்ணுயிர்கள் சேர்ந்தன என்று கொள்வோம். அவை கிராமுக்கு ஒரு கோடி என்னும் நிலையை எட்ட 17 முறை இரட்டிக்க வேண்டும். ஓர் இரட்டிப்புக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் ஆகுமெனில், 13 முதல் 17 மணி நேரம் தேவை. இரவு ஒன்பது மணிக்கு ஊறவைத்துக் காலை ஏழு மணிக்கு எடுக்கும் சோற்றுக்குப் பத்து மணி நேரமே கிடைக்கிறது. ஆனால் நாள்தோறும் அதே சட்டியைப் பயன்படுத்துவதாலோ முந்தைய நாள் நீராகாரத்தில் சிறிது எஞ்சுவதாலோ தொடக்க எண்ணிக்கை கிராமுக்குப் பத்தாயிரமாக இருந்தால், பத்து இரட்டிப்புகளே போதும். பத்து மணி நேரம் சரியாக அமைகிறது. பழகிய மண்சட்டியில் சோறு விரைவில் புளிக்கிறது என்னும் வீட்டு அனுபவத்தின் பொருள் இதுவே. மண்ணின் தனிப்பண்பைவிட அதன் நுண்துளைகளில் தங்கிய பழைய உறையே இங்கு வேலை செய்கிறது.

வெப்பநிலையும் இக்கணக்கை மாற்றும். சேலத்தின் கோடை இரவுகளில் வெப்பம் 25 பாகை செல்சியசை ஒட்டி அமையும். மார்கழியில் 20 பாகையை ஒட்டி இறங்கும். ஒரே சட்டி சித்திரையில் ஓரிரவில் புளிக்கிறது. மார்கழியில் காலையில் எடுத்தால் வெறும் நனைந்த சோறாகவே இருக்கக்கூடும்.

இம்முதல் சட்டிக்கு மற்றொரு வரம்பும் உண்டு. லாக்டிக் அமில நுண்ணுயிர்களில் பெரும்பாலானவற்றால் மாவுச்சத்தை நேரடியாகச் சிதைக்க இயலாது. அரிசியின் சொந்த நொதிகளும் செயலிழந்துவிட்டன. ஆகவே சோறு மலைபோல் இருந்தாலும், நுண்ணுயிர்களுக்குக் கிடைப்பது நீரில் கரையும் சிறிதளவு சர்க்கரையே. நீராகாரத்தின் மிதமான புளிப்புக்குக் காரணம் இந்த உணவுப் பற்றாக்குறை.

இரண்டாம் சட்டி: மோரில் ஊறிய சோறு

இனி மோர்ச்சோற்றை எடுத்துக்கொள்வோம். 100 கிராம் தயிரை 300 மில்லி நீரில் கடைந்து, 400 கிராம் ஆறிய சோற்றில் ஊற்றுவதாகக் கொள்க. நன்கு உறைந்த புதிய தயிரில் கிராமுக்கு ஏறத்தாழ பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருப்பதாகக் கொண்டால், மொத்தம் ஆயிரம் கோடி. அவை 800 கிராமில் பரவும்போது கிராமுக்கு ஒன்றேகால் கோடி ஆகிறது. அதாவது, முதல் சட்டி இரவெல்லாம் முயன்று எட்டும் நிலையிலேயே இரண்டாம் சட்டி தன் இரவைத் தொடங்குகிறது. தயிரின் பழமை, குளிர்பதனத்தில் இருந்த காலம் ஆகியவற்றைப் பொறுத்து இவ்வெண்ணிக்கை பத்து மடங்கு கூடலாம், குறையலாம். கணக்கின் போக்கு மாறாது.

இதிலிருந்து எழும் முடிவு எளியது. ஆனால் பரவலாகக் கவனிக்கப்படாதது. இரவில் மோர் ஊற்றினாலும் காலையில் மோர் ஊற்றினாலும், உண்பவருக்குக் கிடைக்கும் தயிர் நுண்ணுயிர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரே வரிசையில் அமையும். இரவில் அவை பெருகுவதற்கு இரு தடைகள் உள்ளன. சட்டி தொடக்கத்திலேயே புளிப்பாக உள்ளது. தயிரின் முதன்மை நுண்ணுயிர்களுள் ஒன்றான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ் புளிப்பு ஏறஏற வேகமிழக்கும். தயிரில் எஞ்சிய பால் சர்க்கரையும் ஏறத்தாழ நான்கு கிராம் மட்டுமே. 800 கிராம் கலவையில் அது அரை விழுக்காடு. ஆகவே சில இரட்டிப்புகள் நிகழலாம், அவ்வளவே. ‘இரவு முழுதும் கோடிக்கணக்கில் பெருகுகின்றன’ என்னும் கூற்று இச்சட்டிக்குப் பொருந்துவதில்லை. கோடிகள் ஏற்கெனவே தயிரில் இருந்தவை.

அப்படியானால் இரவு ஊறலின் பயன் யாது? புளிப்பு சோற்றுப் பருக்கையின் உட்புறம் வரை ஊடுருவுகிறது. அதனால் சுவை ஒன்றுபடுகிறது. கெடுதல் விளைக்கும் நுண்ணுயிர்களின் வளர்ச்சி தொடக்கத்திலேயே கட்டுப்படுகிறது. பாதுகாப்பு என்னும் நோக்கில் மோர் ஊற்றிய சட்டி, நீர் ஊற்றிய சட்டியைவிட மேம்பட்டது. இம்முறையின் உண்மையான சிறப்பு இதுவே. எனினும் இது பாதுகாப்புத் தொடர்பான சிறப்பு. இதனைப் புரோபயாட்டிக் சிறப்பாகக் கொள்ள இயலாது.

மூன்றாம் சட்டி: பாலும் உறையும் சேர்ந்த சோறு

300 கிராம் சோறு, 200 மில்லி பால், 15 கிராம் தயிர் என்று கொண்டால், தொடக்கத்தில் கிராமுக்கு ஏறத்தாழ 29 லட்சம் நுண்ணுயிர்கள் அமையும். பால் சர்க்கரை ஒன்பது கிராம் அளவுக்கு உள்ளது, புளிப்பு இல்லை. ஐந்து இரட்டிப்புகளில் எண்ணிக்கை கிராமுக்கு ஒன்பது கோடியைத் தாண்டும். தொடக்கத் தயக்கத்திற்கு இரண்டு மணி நேரத்தைச் சேர்த்தாலும், ஏழெட்டு மணி நேரத்தில் பால் உறைந்துவிடுகிறது. மூன்று சட்டிகளில், இரவில் உண்மையாகவே பெரும் வளர்ச்சி நிகழ்வது இதில்தான். ஆனால் இங்கு நொதிப்பது பால். சோறு அதன் நடுவே இருக்கும் துணைப்பொருள். பயனும் தயிரின் பயனாகவே மதிப்பிடப்பட வேண்டும்.

இச்செய்முறையுடன் பி12 உயிர்ச்சத்து மிகும் என்னும் கூற்றும் சேர்ந்து பரவுகிறது. பசும்பாலில் 100 மில்லிக்கு ஏறத்தாழ 0.4 மைக்ரோகிராம் பி12 உள்ளது. 200 மில்லி பால் ஊற்றினால் 0.8 மைக்ரோகிராம் சோற்றில் சேரும். தயிர் நுண்ணுயிர்கள் பொதுவாக இவ்வுயிர்ச்சத்தை உருவாக்குவதில்லை. அதனைச் சட்டியில் சேர்ப்பது பால். நொதித்தல் அதனைப் பெருக்குவதில்லை.

கெடுதலின் இடைவெளி

சோற்றைப் பொறுத்தவரை கவனத்திற்குரிய நுண்ணுயிர் பேசில்லஸ் சீரியஸ். அதன் விதைமூலங்கள் அரிசியில் இயல்பாகக் காணப்படுபவை, கொதிநீரையும் தாங்குபவை. வெந்த சோறு வெதுவெதுப்பாக நெடுநேரம் இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செரியுலைடு என்னும் நச்சைச் சுரக்கக்கூடும். உண்ட அரை மணி முதல் ஆறு மணி நேரத்திற்குள் வாந்தியை உண்டாக்கும் இந்நச்சு, மீண்டும் கொதிக்கவைத்தாலும் சிதையாது, புளிப்பிலும் சிதையாது.

ஆகவே ஆபத்து ஊறும் நேரத்தில் மட்டும் இருப்பதில்லை. சோறு வெந்ததற்கும் புளிப்பு ஏறியதற்கும் இடைப்பட்ட நேரமே முதன்மையானது. பகல் ஒரு மணிக்கு வடித்த சோறு மூடிய பாத்திரத்தில் இரவு ஒன்பது மணி வரை இருந்தால், கோடையில் எட்டு மணி நேரம் பேசில்லஸ் சீரியசுக்கு உகந்த வெப்பம் கிடைக்கிறது. அதன்பின் எவ்வளவு புளித்த மோரை ஊற்றினாலும், வளர்ச்சி தடைப்படுமே தவிர முன்பே சுரந்த நச்சு நீங்காது. இரவுச் சோற்றை விரைவில் ஆற்றி, ஓரிரு மணி நேரத்திற்குள் மோர் ஊற்றுவது இவ்விடைவெளியைச் சுருக்குகிறது. மறுபுறம், ஆவி பறக்கும் சோற்றில் மோரை ஊற்றினால் உறையின் நுண்ணுயிர்களே மடிந்துவிடும்; புளிப்புச் சுவை இருக்கும், உயிர்ப்பு இராது. விரல் எளிதில் பொறுக்கும் சூட்டிற்கு ஆறவிடும் வழக்கம் இரு தேவைகளுக்கும் இடைப்பட்ட அளவுகோல்.

சரியாகப் புளித்த சட்டியில் தூய புளிப்பு மணமும், சில வேளைகளில் சிறு குமிழ்களும் இருக்கும். நூல்போல் இழுபடும் வழுவழுப்பு, அழுகல் நாற்றம், மேற்பரப்பில் இளஞ்சிவப்பு அல்லது கருமைப் படர்வு ஆகியவை கெட்டதன் அறிகுறிகள். ஆனால் செரியுலைடுக்கு மணமோ நிறமோ இல்லை. மூக்கும் நாக்கும் நல்ல காவலர்கள். முழுமையான காவலர்கள் அல்லர். ஆய்வுக்கூடத்திலோ வகுப்பறையிலோ சோதிப்போர் பிஎச் தாளைப் பயன்படுத்தலாம். மதிப்பு 4.5-க்குக் கீழே இறங்கினால் புளிப்பு போதிய அளவு ஏறியுள்ளது எனலாம். அதுவும் அந்நேரத்து நிலையையே காட்டும். அதற்கு முன் நிகழ்ந்ததைக் காட்டாது.

73.91 என்னும் எண்

பழைய சோற்றைப் பற்றிய தமிழ் எழுத்துகளில் ஓர் எண் மீண்டும் மீண்டும் வருகிறது. 100 கிராம் சோற்றில் 3.4 மில்லிகிராமாக இருந்த இரும்பு, 12 மணி நேரம் ஊறியபின் 73.91 மில்லிகிராம் ஆகிறது என்பது அது. கால்சியம் 850 மில்லிகிராம் என்பதும் உடன் சொல்லப்படும். இவ்வெண்கள் அசாம் வேளாண் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சுட்டிப் பரவுகின்றன. அளந்த முறை யாது, எந்நிலையில் உள்ள மாதிரி, ஊற்றிய நீரின் கனிமங்கள் கழிக்கப்பட்டனவா என்னும் விவரங்கள் இம்மேற்கோள்களுடன் வருவதில்லை.

இரும்பு ஒரு தனிமம். நுண்ணுயிர்களால் அதனை உருவாக்க இயலாது. மூடிய சட்டியில் மாலையில் இருந்த இரும்பே காலையிலும் இருக்கும். கூடுதலாக வர வேண்டுமெனில் நீர், பாத்திரம், தூசு, சேர்த்த பொருள் ஆகியவற்றிலிருந்தே வர வேண்டும். தொடக்க எண்ணும் பொருந்தவில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவுச் சேர்க்கை அட்டவணைகளின்படி, 100 கிராம் புழுங்கல் அரிசியில் ஏறத்தாழ 0.7 மில்லிகிராம் இரும்பு உள்ளது. அது வெந்து மூன்று மடங்கு எடையாகும்போது, 100 கிராம் சோற்றுக்குக் கால் மில்லிகிராமை ஒட்டியே அமையும்.

இவ்வெண்ணை நடைமுறையில் வைத்துப் பார்த்தால் முரண் தெளிவாகிறது. 300 கிராம் பழைய சோறு உண்பவர் ஒரு வேளையில் 220 மில்லிகிராம் இரும்பு பெற வேண்டும். இரத்தச்சோகைத் தடுப்புத் திட்டத்தில் பெண்களுக்கு வழங்கப்படும் மாத்திரையில் உள்ள இரும்பு 60 மில்லிகிராம். ஒரு சட்டிச் சோறு ஏறத்தாழ நான்கு மாத்திரைகளுக்கு ஈடாகிறது. அது உண்மையாயின், பழைய சோறு உண்டு வயலுக்குச் சென்ற தலைமுறைகளில் இரத்தச்சோகையே இருந்திருக்காது. அத்துடன், நாள்தோறும் உட்கொள்ளத்தக்க உச்ச அளவையும் அது பன்மடங்கு தாண்டியிருக்கும்.

இக்கூற்றில் உண்மையின் ஒரு சிறு கூறு உள்ளது. நொதித்தலின் புளிப்பு இரும்பைக் கரையும் நிலையில் வைக்கிறது. தானியங்களில் இரும்பைப் பிணைக்கும் ஃபைட்டிக் அமிலம் நொதித்தலால் குறையலாம். அதாவது உடல் ஏற்கும் பங்கு கூடலாம். ஆனால் கால் மில்லிகிராமின் பங்கு எவ்வளவு கூடினாலும் அது கால் மில்லிகிராமைத் தாண்டாது. தீட்டிய அரிசியில் ஃபைட்டிக் அமிலமும் குறைவே. மோர் சேர்ந்த சோற்றில் பாலின் கால்சியம் இரும்பை ஏற்பதற்குச் சிறிது தடையாகவும் அமையலாம். ‘இருப்பு’, ‘ஏற்பு’ என்னும் இரு கருத்துகளும் ஒரே சொல்லில் கலந்ததன் விளைவே இவ்வெண்ணின் செல்வாக்கு எனலாம். இதனை மேற்கோள் காட்டும் ஆய்வேடுகள் அதனை நீக்கிவிடுவதே தக்கது.

புரோபயாட்டிக் என்னும் சொல்லின் நிபந்தனைகள்

உணவு வேளாண்மை நிறுவனமும் உலக நலவாழ்வு நிறுவனமும் 2001-இல் கூட்டிய வல்லுநர் குழு, போதிய அளவில் உட்கொள்ளும்போது நலம் விளைவிக்கும் உயிருள்ள நுண்ணுயிர்களே புரோபயாட்டிக் என வரையறுத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இதனை ஒட்டியவை. நுண்ணுயிரின் திரிபு வரை அடையாளம், பாதுகாப்பு, உயிருள்ள எண்ணிக்கை, மனிதரிடம் சோதித்து நிறுவிய பயன் ஆகியவை தேவை. இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தின் 2016 ஆம் ஆண்டு விதிமுறைகள், ஒரு நாளுக்குரிய பரிமாறு அளவில் குறைந்தது பத்துக் கோடி உயிருள்ள நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்றன.

மோர்ச்சோறு இந்நிபந்தனைகளுள் எண்ணிக்கையில் தோற்பதில்லை. முன்னர்க் கணக்கிட்ட சட்டியிலிருந்து 300 கிராம் உண்டால் 375 கோடி நுண்ணுயிர்கள் உட்செல்லும். ஆகவே ‘இதில் நுண்ணுயிர்கள் போதாது’ என்னும் மறுப்பும் சரியன்று. அது தோற்பது அடையாளத்திலும் நிறுவலிலும். வீட்டுத் தயிரின் உறை வீட்டுக்கு வீடு, வாரத்துக்கு வாரம் மாறும் கலவை. அதில் எத்திரிபு உள்ளது என்று எவரும் அறியார். அத்திரிபு மனிதரிடம் சோதிக்கப்படவும் இல்லை.

இவ்வேறுபாட்டை உணர நாமக்கல்லைவிட்டு வெளியே செல்ல வேண்டியதில்லை. கோழிப்பண்ணைகள் நிறைந்த அப்பகுதியில் தீவனத்தில் கலக்கும் புரோபயாட்டிக் பொருள்கள் நன்கு அறிமுகமானவை. அவற்றின் பொதியில் நுண்ணுயிரின் பெயரும் கிராமுக்கு உரிய எண்ணிக்கையும் குறிக்கப்படுவது வழக்கம். பயனைச் சோதிப்போர் ஒரு தொகுதிக் கோழிக்கு அதனைக் கொடுத்து, மற்றொரு தொகுதிக்குக் கொடுக்காமல், எடையையும் முட்டையையும் ஒப்பிடுவர். கோழித் தீவனத்திற்கு வேண்டப்படும் சான்று, மனிதர் உண்ணும் சோற்றைப் பற்றி எழுதும்போது கைவிடப்படுவது வியப்புக்குரியது.

ஆய்வுகள் இல்லாமல் இல்லை. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, தமிழ்நாடு அரசின் நிதியுதவியுடன் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளிடம் ஆராயும் திட்டத்தை மேற்கொண்டது. புவனேசுவரம் எய்ம்ஸ் மருத்துவமனை ஆய்வாளர்கள், ஒடிசாவின் பகாளா என்னும் ஊறிய சோற்றின் நீரில் குறுந்தொடர் கொழுப்பு அமிலங்களைக் கண்டறிந்துள்ளனர். இவை வரவேற்கத்தக்க தொடக்கங்கள். ஆயினும் நீரில் ஓர் அமிலம் இருப்பது வேறு, அது பெருங்குடலை அடைந்து நலம் விளைப்பது வேறு. வாய்வழி செல்லும் இவ்வமிலங்களில் பெரும்பகுதி மேற்குடலிலேயே உறிஞ்சப்பட்டுவிடும். மேலும் இவை முதன்மையாக முதல் சட்டியைச் சார்ந்த ஆய்வுகள். அவற்றின் முடிவுகளை இரண்டாம், மூன்றாம் சட்டிகளுக்கு அப்படியே பெயர்க்க இயலாது.

நேர்மையாகச் சொல்லத்தக்கவை

இவ்வளவும் கழித்தபின் எஞ்சுவது சிறிதன்று. முதலாவதாக, மோர்ச்சோறு உயிருள்ள லாக்டிக் அமில நுண்ணுயிர்களைக் கொண்ட நொதித்த உணவு. சூடாக்காமல் உண்ணும் வரை இக்கூற்று உண்மை. ‘உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்டது’ என்பதும் ‘புரோபயாட்டிக்’ என்பதும் ஒன்றல்ல என்பதே இங்கு காக்க வேண்டிய எல்லை.

இரண்டாவதாக, பால் சர்க்கரை செரிக்காதோருக்குத் தயிர் பாலைவிட ஒத்துப்போகும். ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2010-இல் ஏற்றுக்கொண்ட கூற்று இது. கிராமுக்குப் பத்துக் கோடி உயிருள்ள யோகர்ட் நுண்ணுயிர்கள் இருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. நீர்த்த மோர் அவ்வளவை எட்டாது. எனினும் அதில் பால் சர்க்கரையும் குறைவு.

மூன்றாவதாக, சோறு ஆறும்போது மாவுச்சத்தின் ஒரு பகுதி செரிமானத்தை எதிர்க்கும் வடிவம் பெறுகிறது. அது பெருங்குடலை அடைந்து அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. 2015-இல் வெளியான இந்தோனேசிய ஆய்வொன்றில், புதிதாக வெந்த வெள்ளைச் சோற்றில் 100 கிராமுக்கு 0.64 கிராமாக இருந்த இத்தகைய மாவுச்சத்து, பத்து மணி நேரம் அறை வெப்பத்தில் ஆறியபின் 1.30 கிராமாக இருந்தது. இரட்டிப்பு என்று சொல்லலாம். அரை கிராமுக்குச் சற்றே மிகுதி என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே உண்மை. இதனைக் கொண்டு நீரிழிவுக்குரிய உணவு என்று கூற இடமில்லை. இம்மாற்றம் ஆறுவதன் விளைவேயன்றி நொதித்தலின் விளைவன்று என்பதும் குறிப்பிடத்தக்கது.

முடிவுரை

பழைய சோறு என்னும் ஒரு பெயருக்குக் கீழ் மூன்று வேறு நொதித்தல்கள் உள்ளன. நீர்ச்சட்டியில் உயிர்கள் மெல்லப் பிறக்கின்றன. மோர்ச்சட்டியில் அவை தயிரிலிருந்தே வருகின்றன. பால்சட்டியில் பாலே நொதிக்கிறது. எச்சட்டி என்று குறிப்பிடாத எக்கூற்றும் சோதிக்க இயலாத கூற்று. இத்துறையில் எழுதுவோர் ஊறலின் முறை, சோறு ஆறிய நேரம், ஊறிய நேரம், இரவின் வெப்பம், காலையின் பிஎச் மதிப்பு ஆகிய ஐந்தையும் பதிவுசெய்தாலே அவர்களது ஆவணம் பின்வரும் நுண்ணுயிரியலாளருக்குப் பயன்படும். சேலம், நாமக்கல் வட்டாரத்தின் வீட்டு உறைகள் திரிபு வரை அடையாளம் காணப்பட்டு மனிதரிடம் சோதிக்கப்படும் நாளில், புரோபயாட்டிக் என்னும் சொல்லை அவற்றுள் சில ஈட்டிக்கொள்ளக்கூடும். அதுவரை அச்சோற்றை நொதித்த உணவு என்றும், உயிருள்ள நுண்ணுயிர்கள் கொண்ட உணவு என்றும் கூறலாம். அதற்குமேல் கூறுவதற்கு இப்போது சான்று இல்லை.